செக் திரும்பினால் கணக்கு எங்கே நிற்கும்? ஏற்புச் சோதனைத் தாளில் கையெழுத்து வைக்கும் முன்

கேள்வி: ஸ்ரான்லி வீதியில் எங்களுக்கு ஹாட்வெயார் கடை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். புதுக் கணக்கு சொஃப்ட்வெயார் போட்டாயிற்று. போட்டவர்கள் இப்போது ‘யூ.ஏ.ரி. டொக்கியுமென்ட்’ என்று 14 பக்கம் தந்து, ஸ்டாஃபின் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கித் தரச் சொல்கிறார்கள். மீதிக் காசும் அதோடுதான் கட்ட வேண்டும். கடையில் யாருக்கும் கணினி பெரிதாகத் தெரியாது. எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறது?

பதில்:

கணினி தெரியாவிட்டால் பரவாயில்லை, கடை தெரிந்தால் போதும். பட்டன் வேலை செய்கிறதா, திரை திறக்கிறதா என்பதையெல்லாம் அவர்கள் தங்கள் இடத்திலேயே பார்த்து முடித்திருக்க வேண்டும். ஏற்புச் சோதனை என்று உங்களிடம் வந்திருக்கும் தாளில் மிச்சமிருப்பது ஒரே கேள்வி: உங்கள் கடையில் நடக்கிற கொடுக்கல் வாங்கலை, நடக்கிற மாதிரியே இந்த மென்பொருள் கணக்கில் ஏற்றுகிறதா? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் கவுன்டரில் நிற்பவரும் கடன் கொப்பி எழுதுபவரும்தான். போட்டுத் தந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

முதலில் அந்த 14 பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அநேகமாக ‘புதிய வாடிக்கையாளரைச் சேர்த்தல்’, ‘விற்பனைப் பில் போடுதல்’, ‘அறிக்கை எடுத்தல்’ என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே செய்ய வேண்டிய படி, எதிர்பார்க்கும் முடிவு, கிடைத்த முடிவு, பாஸ் அல்லது ஃபெயில், கையெழுத்து. இதில் எதிர்பார்க்கும் முடிவு என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ‘பில் சரியாகச் சேமிக்கப்படும்’ என்கிற மாதிரி எழுதியிருந்தால் அந்த வரியால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அது ஃபெயில் ஆகவே முடியாத வரி. அந்தக் கட்டத்தில் ஒரு தொகை இருக்க வேண்டும். அதுவும் கணினியைத் திறப்பதற்கு முன் கையால் கணக்குப் பார்த்துப் பேனையால் எழுதிய தொகை. திரையில் ஒரு இலக்கத்தைக் கண்ட பிறகு கணக்குப் பார்த்தால் மனம் அந்த இலக்கத்துக்கே வளைந்து போகும். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

பல வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கேயும் இதே மாதிரி ஒரு தாள் வந்தது. பின்னேரம் கடை பூட்டுகிற நேரம், எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தோம். ‘செக் திரும்புதல்’ என்ற வரியை நான்தான் பார்த்தேன். ஒரு செக்கைத் திரும்பியதாகப் பதிந்தேன். வாடிக்கையாளரின் கடன் அந்தத் தொகையால் கூடியது. பாஸ் என்று போட்டுவிட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு, அறுபது நாளுக்கு மேற்பட்ட கடன் பட்டியலில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் வங்கியில் காசு இல்லை. கடன் கொப்பியைக் கைவிடாமல் தன் பாட்டுக்கு எழுதிவந்த அக்கா ஒருவர்தான் வந்து சொன்னார்: “தம்பி, இவர் பழைய கடன்காரன். செக் ரெண்டு தரம் திரும்பினது. உங்கட பட்டியல்ல போன கிழமை வந்த ஆள் மாதிரியெல்லே நிக்கிறார்.”

நடந்தது இதுதான். செக் திரும்பிய நாளில், அந்தத் தொகையை அன்றைய திகதியிட்ட புதுப் பில்லாக மென்பொருள் போட்டுக்கொண்டிருந்தது. மொத்தக் கடன் சரி, கடனின் வயது பிழை. போட்டுத் தந்தவர்களைக் கூப்பிட்டோம். அவர்கள் என் கையெழுத்தைக் காட்டினார்கள். “இது பிழை இல்லை அண்ணை, நீங்கள் ஏற்றுக்கொண்ட முறை. மாற்றுவதென்றால் தனிச் செலவு.” தாளில் இருந்ததைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையும் இல்லை.

அதனால் உங்கள் தாளில் வேறு எதை விட்டாலும் இந்த ஒன்றை விடாதீர்கள். நம்மூர் ஹாட்வெயார் வியாபாரத்தில் பாதி, திகதி தள்ளிப் போட்ட செக்கில்தான் ஓடுகிறது. வேறெங்கோ செய்த மென்பொருள் காசு விற்பனையை நன்றாகச் செய்யும். இந்த இடத்தில்தான் தடுக்கும். சோதனைக்கு ஒரு உதாரணம் தருகிறேன், தொகைகளை உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர். கடன் எல்லை 150,000 ரூபா. மார்ச் 3ஆம் திகதி 84,500 ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் எடுக்கிறார். மார்ச் 12இல் 46,250 ரூபாவுக்குக் குழாய்ச் சாமான். மார்ச் 15இல் அந்தக் குழாய்ச் சாமானில் 6,250 ரூபாவுக்கானதைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார். இப்போது அவர் தர வேண்டியது 124,500. மார்ச் 20இல் அந்தத் தொகைக்கு ஏப்ரல் 21 திகதியிட்ட ஒரு செக்கைத் தருகிறார்.

செக்கைப் பதிந்தவுடன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வங்கிக் கணக்கு ஒரு சதமும் ஏறியிருக்கக் கூடாது. அந்தத் தொகை கையிலுள்ள செக் என்று தனியாக நிற்க வேண்டும். பேரேட்டில் அவர் பெயரில் உள்ள கடன் அன்றே குறைகிறதா, செக் மாறிய பிறகு குறைகிறதா என்பது உங்கள் கணக்காளர் வைத்திருக்கும் முறை. இரண்டில் எது என்றாலும் சரி, தாளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இரண்டாவது கடன் எல்லை. மார்ச் 25இல் அதே ஆள் 40,000 ரூபாவுக்குச் சாமான் கேட்கிறார் என்று ஒரு பில் போட்டுப் பாருங்கள். கையிலுள்ள செக்கையும் சேர்த்தால் 164,500 ஆகிறது, எல்லை தாண்டிவிட்டது. மென்பொருள் மறிக்க வேண்டும். மறிக்காமல் பில் அடித்துத் தந்தால், மாறாத செக்கைக் காசாக எண்ணுகிறது என்று அர்த்தம். பார்த்து முடிந்ததும் அந்த 40,000 ரூபாப் பில்லைச் சேமிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் கீழே வரும் தொகைகள் பொருந்தாது.

ஏப்ரல் 21இல் செக்கை வங்கியில் போடுகிறீர்கள். கையிலுள்ள செக் பூச்சியம், வங்கி 124,500 கூடும். ஏப்ரல் 23இல் காசு இல்லையென்று செக் திரும்புகிறது, வங்கி 500 ரூபா கட்டணமும் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 500ஐ நீங்கள் அவரிடமே அறவிடுகிறவர் என்றால், அவர் தர வேண்டியது இப்போது 125,000. நான் அன்று இந்த இடத்தில்தான் பாஸ் போட்டேன்.

நீங்கள் இன்னும் ஒரு படி போங்கள். கடனின் வயதுப் பட்டியலை மே 10ஆம் திகதிக்கு எடுங்கள். மார்ச் 3 பில்லுக்கு அன்று 68 நாள். அதனால் 84,500 ரூபா 61 முதல் 90 நாள் வரையான நிரலில் இருக்க வேண்டும். மார்ச் 12 பில்லில் திருப்பிய சாமான் போக மிச்சம் 40,000, அதற்கு 59 நாள், அது 31 முதல் 60 வரையான நிரலில். வங்கிக் கட்டணம் 500 மட்டும் 30 நாளுக்கு உட்பட்ட நிரலில். இந்த மூன்று இலக்கத்தையும் எதிர்பார்க்கும் முடிவில் எழுதுங்கள். பட்டியலில் 125,000 முழுவதும் முதல் நிரலில், 17 நாள் கடனாக வந்து நின்றால், என்னுடைய பழைய கதை உங்கள் கடைக்கும் வருகிறது என்று அர்த்தம்.

இப்படிப் பிடித்துக் கொடுத்தால் அநேகமாக ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: “செக் திரும்பினால் அந்த ரசீதையே அழித்துவிடுங்கள், பழைய பில் தானாகத் திறக்கும்.” திறக்கும்தான், வயதும் சரியாக வரும். ஆனால் வங்கிக் கூற்றில் ஏப்ரல் 21இல் 124,500 வரவும் 23இல் அதே தொகை பற்றும் இருக்கும், உங்கள் புத்தகத்தில் இரண்டும் இருக்காது. ரசீது இலக்கத்திலும் ஒரு பல் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் விட, அந்த ஆளின் செக் திரும்பியது என்ற தடயமே கடையில் இல்லாமல் போய்விடும். அடுத்த முறை கவுன்டரில் நிற்கும் பிள்ளை தெரியாமல் அவரிடம் இன்னொரு செக்கை வாங்கும். எனவே எதிர்பார்க்கும் முடிவில் இன்னொரு வரி சேருங்கள்: மூல ரசீது அழியக்கூடாது, வாடிக்கையாளர் கூற்றில் வரவும் திரும்பியதும் இரண்டும் தெரிய வேண்டும்.

அடுத்தது வரி. உங்கள் கடை பெறுமதி சேர் வரிக்குப் பதிந்ததாக இருந்தால் மட்டும் இந்தப் பகுதி உங்களுக்கு. இங்கே ஒரு பிழை நன்றாக ஒளிந்திருக்கும். வரி சேர்க்காமல் 10,000 ரூபா விலையுள்ள சாமான், நீங்கள் 5 வீதம் கழிவு கொடுக்கிறீர்கள். கழிவு போக 9,500. அதற்கு 18 வீத வற் 1,710. மொத்தம் 11,210. சில மென்பொருள்கள் முதலில் 10,000க்கு 1,800 வற் போட்டு 11,800 ஆக்கி, அதன் பிறகு மொத்தத்தில் 5 வீதமாக 590ஐக் கழிக்கும். விடை அதே 11,210. பில்லைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, வாடிக்கையாளர் கொடுக்கும் காசும் சரி. ஆனால் வரி அறிக்கையில் 1,710க்குப் பதிலாக 1,800 போயிருக்கும். ஒரு பில்லில் 90 ரூபா உங்கள் கையிலிருந்து போகிறது. அதனால் பில்லின் அடியில் உள்ள மொத்தத்தோடு நிற்காமல், அந்த ஒரு பில்லுக்கு மட்டும் வரி அறிக்கையை எடுத்து 1,710 இருக்கிறதா என்று பாருங்கள். கழிவை ஒரு சாமானுக்குக் கொடுக்கும்போது சரியாகவும், பில் முழுவதற்கும் கொடுக்கும்போது பிழையாகவும் வருவது உண்டு. இரண்டு விதத்திலும் ஒவ்வொரு பில் போட வேண்டும்.

வரி வீதம் மாறுவதையும் சோதிக்கத்தான் வேண்டும். 2022 ஜூன் முதல் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதல் 18 என்று இரண்டு வருடத்துக்கிடையில் மூன்று முறை கண்டோம். சோதனைப் பிரதியில் நாளைய திகதியில் இருந்து வேறு வீதம் என்று போட்டுவிட்டு, நேற்றைய பில் ஒன்றை மீண்டும் அச்சிடுங்கள். பழைய பில்லில் பழைய வீதமே இருக்க வேண்டும். புது வீதத்தில் அச்சானால் அந்த மென்பொருள் வரியைப் பில்லோடு சேர்த்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் பார்க்கிறது. அது பெரிய பிழை, கையெழுத்து இல்லை.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று. பழைய கணினியில் வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தீர்கள் என்றால், அதை அப்படியே புதியதுக்கு மாற்றியபோது ‘அம்மா ஸ்ரோர்ஸ்’ என்பதில் அம்மா என்பது `mk;kh` என்று நிற்கும். திரையில் பெயர்ப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தாலே கண்ணில் படும். ஆனால் அது பெயர் தேடும்போதுதான் கையைக் கடிக்கும்: தமிழில் தேடினால் ஆள் இல்லை என்று வரும், கவுன்டரில் நிற்பவர் புதிதாக ஒரு கணக்குத் திறப்பார், ஒரே ஆளுக்கு இரண்டு கடன் கணக்காகும். பழைய பெயர்கள் பத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய பில் பிரின்டரில் தமிழ், கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வருகிறதா என்பதையும் கடையில் இருக்கும் பிரின்டரிலேயே பாருங்கள். அவர்களுடைய அலுவலகத்துப் பிரின்டரில் வந்தது கணக்கில் இல்லை.

கரண்ட் போவதைச் சொல்லத் தேவையில்லை. பில்லைச் சேமிக்கும் அதே நொடியில் பிளக்கைப் பிடுங்குங்கள், சோதனைப் பிரதியில்தான். திரும்பப் போட்டால் ஒன்றில் பில், இருப்புக் குறைவு, கடன் மூன்றும் இருக்க வேண்டும், அல்லது மூன்றும் இருக்கக் கூடாது. இருப்புக் குறைந்து பில் இல்லையென்றால் ஃபெயில்.

சரி, யார் கையெழுத்து வைப்பது? நீங்களோ முதலாளியோ எல்லா வரிக்கும் வைப்பது வசதி, ஆனால் பிழையான வசதி. அந்த வேலையை நாளும் செய்கிறவரே அந்த வரியைச் சோதித்து, அவரே கையெழுத்து வைக்க வேண்டும். பில் போடுவது கவுன்டர்ப் பிள்ளை, சாமான் இறக்குவதும் இருப்பும் கிட்டங்கி அண்ணை, செக்கும் கடனும் கணக்கெழுதுபவர். அதைவிட முக்கியம், ஒவ்வொருவரும் தத்தம் லொகினில் இருந்து செய்ய வேண்டும். போட்டுத் தருபவர்கள் வந்து காட்டும்போது எல்லா அதிகாரமும் உள்ள லொகினில்தான் காட்டுவார்கள். அதில் எல்லாம் நடக்கும். கவுன்டர்ப் பிள்ளையின் லொகினில் போனால் திருப்பிய சாமானை ஏற்கவே முடியாமல் இருக்கும், அல்லது நேற்றைய பில்லை அழிக்க முடியும். இரண்டும் பிழை, இரண்டும் அங்கே மட்டும்தான் தெரியும்.

கிட்டங்கி அண்ணை ‘எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது’ என்று சொல்வார் என்றால், தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்க முடியாத வரியின் கீழ் ஒருவரின் கையெழுத்தை வாங்குவது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. ஆளை மிரட்டி வாங்கிய மாதிரித்தான் ஆகும்.

ஃபெயில் ஆன வரியை அவர்கள் திருத்திக் கொண்டுவருவார்கள். அப்போது அந்த வரியை மட்டும் திரும்பப் பார்த்துவிட்டுப் பாஸ் போடாதீர்கள். செக் திரும்புவதைத் திருத்தும்போது கடன் கூற்றுக் குழம்பலாம், கழிவைத் திருத்தும்போது சாமான் திருப்புதல் குழம்பலாம். அதோடு தொட்டுக்கொண்டிருக்கிற வரிகளையும் மீண்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மென்பொருளின் பதிப்பு இலக்கத்தை எழுதுங்கள், அது திரையில் `About` என்ற இடத்தில் இருக்கும். திங்கட்கிழமை நீங்கள் பார்த்ததும் வியாழக்கிழமை கடையில் போட்டதும் ஒரே பதிப்புத்தானா என்று பின்னால் கேட்க அந்த இலக்கம் ஒன்றுதான் துணை.

இனி வெள்ளிக்கிழமை. அவர்கள் தந்த ஒப்பந்தத்தில், இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வாசகம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் சும்மா இருப்பதும் கையெழுத்துத்தான், ஆகவே நாள் முடியுமுன் எழுத்தில் ஒன்று போக வேண்டும். முழுவதையும் மறுக்கவும் தேவையில்லை. பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். காசு, கடன், வரி, இருப்பு என்ற நான்கில் ஒன்றின் தொகை பிழைத்தால் அது தீராமல் கையெழுத்தில்லை. பில்லில் கடை முகவரி ஒரு எழுத்து மாறியிருப்பது, அறிக்கையின் நிரல் ஒழுங்கு என்பவை பிறகு திருத்தலாம் என்ற பட்டியலுக்குப் போகட்டும்.

பிறகு கடைசிப் பக்கத்தில், அவர்கள் அச்சடித்து வைத்திருக்கும் ‘முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற வரியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் கையால் இப்படி எழுதலாம்: ‘இன்ன பதிப்பில், கீழே இலக்கமிட்ட வரிகள் மட்டும் ஏற்கப்பட்டன. செக் திரும்புதல், கழிவுள்ள பில்லின் வரி ஆகிய இரண்டும் தீரும்வரை மீதிப் பணத்தில் இவ்வளவு நிறுத்திவைக்கப்படும். திருத்தி மீண்டும் சோதிக்க வேண்டிய திகதி இது.’ வெட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு ஒரு பிரதி எடுத்து லாச்சிக்குள் வையுங்கள். கடன் கொப்பியையும் இன்னும் இரண்டு மாதத்துக்கு மூட வேண்டாம்.